மேற்படிக்கு மேலே என்ன இருந்தது?

நாலு வரியில் முடித்திருக்க வேண்டிய மின்னஞ்சல் அது. "ஐயா, நாம் பேசியபடி பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும்போது எந்தெந்தப் புலங்கள் வேண்டும் என்ற பட்டியலை இணைத்துள்ளேன். சம்மதம் என்றால் திங்கட்கிழமை ஆரம்பிக்கலாம்." இவ்வளவுதான் எழுத நினைத்தேன். எழுதி அனுப்ப பதினொரு நாள் பிடித்தது. அந்தப் பதினொரு நாளில் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். பழைய கையெழுத்துக் கணக்குகளோடு மல்லுக்கட்டுகிற யாருக்காவது உதவும்.

விஷயம் இது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு குடும்ப அறக்கட்டளை தன்னிடம் இருக்கும் பழைய தாள்களைச் சின்ன ஆவணக்காப்பகமாக வைத்திருக்கிறது. பெயர் வேண்டாம். அதில் ஒரு சத்திரத்தின் அன்றாடச் செலவுக் கணக்கு ஏழு கட்டுகளாக இருக்கிறது. எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எவ்வளவு அரிசி போனது என்று நாள்தோறும் கணக்குப்பிள்ளை எழுதி வைத்திருக்கிறார். நான் ஆராய்ச்சி செய்வது தாது வருஷப் பஞ்சம், அதாவது 1876-78. பஞ்சத்தில் சத்திரத்து வாசலில் கூட்டம் எப்படி ஏறியது, எந்த மாதத்தில் அரிசியை இழுத்துப் பிடித்தார்கள் என்பதெல்லாம் எனக்கு வேண்டும். காப்பகத்துக்கு வேண்டியது வேறு. நாளைக்கு யாராவது வந்து கேட்டால் சரியான பக்கத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் கவலை.

அங்கே பொறுப்பில் இருக்கும் பெரியவர் கோபப்படவே மாட்டார். அவர் கேட்கிற கேள்விகள்தான் தூங்க விடாது. நான் முதலில் அனுப்பிய பட்டியலில் தேதி, பேர் எண்ணிக்கை, அரிசி லிட்டரில் என்று மூன்றே புலங்கள். போன் செய்தார். "ஏம்மா, அந்த ஊர் மரக்கால் உங்ககிட்ட இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப லிட்டர் எங்கேருந்து வந்துது?" அன்றைக்குப் பட்டியலைக் கிழித்துப் போட்டேன்.

அளவையை விட்டுவிட்டு முதலில் தேதிக்கு வருகிறேன், ஏனென்றால் அதிகம் அடிபட்டது அதில்தான். கணக்கில் ஒரு வரி இப்படி ஆரம்பிக்கும்:

தாது௵ ஆவணி௴ ௰௫௳ மங்களவாரம்

௵ வருஷத்துக்கு, ௴ மாதத்துக்கு, ௳ நாளுக்கு. ௰௫ என்றால் பதினைந்து. மங்களவாரம் செவ்வாய்க்கிழமை. படிக்கக் கஷ்டமே இல்லை. கஷ்டம் இதை 1876 என்று எழுதும்போதுதான் தொடங்குகிறது. தாது அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும். 1816-லும் தாது, 1876-லும் தாது, 1936-லும் தாது. கட்டின் மேலட்டையில் யாரோ பென்சிலால் 1876 என்று எழுதியிருக்கிறார்கள். யார் எழுதினார்கள், எதை வைத்து எழுதினார்கள் என்று ஒன்றும் இல்லை. நான் அதை நம்பித்தான் வேலையைத் தொடங்கினேன். "பென்சில் சொன்னா சரியாப் போச்சா?" என்று பெரியவர் கேட்டார்.

அப்போதுதான் கிழமையின் அருமை தெரிந்தது. நம் சூரிய வருஷம் அறுபது ஆண்டுக்கு ஏறக்குறைய 21,915 நாளும் அரை நாளும் ஆகும். அதை ஏழால் வகுத்தால் மிச்சம் ஐந்தரை. ஆக, ஒரு தாது வருஷத்து ஆவணி 15-க்கும் அடுத்த தாதுவின் ஆவணி 15-க்கும் கிழமை ஐந்தோ ஆறோ தள்ளிப் போகும். நான் கணக்குப் போட்டதில் 1876-இல் ஆவணி 15 ஆகஸ்ட் 29 வாக்கில் விழுகிறது. அது செவ்வாய்க்கிழமை. 1816 என்றால் புதனோ வியாழனோ ஆகியிருக்கும். 1936 என்றால் ஞாயிறோ திங்களோ. கணக்குப்பிள்ளை மங்களவாரம் என்று எழுதியிருக்கிறார்.

இதோடு துள்ளிக் குதித்துவிடக் கூடாது. சங்கராந்தி சூரியன் மறைந்த பிறகு வந்தால் மாசப் பிறப்பு மறுநாளுக்குப் போய்விடும். பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் இதில் ஒரு நாள் முன்பின் ஆகலாம். அப்படி ஒரு நாள் நகர்ந்தால் 1936-இன் திங்கள் செவ்வாயாகி, வேறு ஒரு தாதுவும் பொருந்துவது மாதிரி தெரியும். ஆகவே ஒரே ஒரு வரியை வைத்து முடிவு செய்யாமல், ஐந்து வெவ்வேறு மாதங்களிலிருந்து ஒவ்வொரு வரி எடுத்துப் பார்த்தேன். ஐந்துமே 1876-77-க்குப் பொருந்தின. பென்சில் ஆசாமி பிழைத்தார். ஆனால் கிழமையைத் தனிப் புலமாக வைக்கவில்லை என்றால், அடுத்து வருபவர் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கவே முடியாது. முதல் பட்டியலில் நான் கிழமையை "தேவையில்லை" என்று விட்டிருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

தேதியில் இன்னொரு குழி இருந்தது, அதில் நானே விழுந்தேன். தாது என்று கண்டால் 1876 என்று போடும்படி ஒரு சூத்திரம் எழுதி வைத்திருந்தேன். தாது 1876 ஏப்ரலில் பிறந்து 1877 ஏப்ரலில் முடிகிறது. அப்படியானால் மார்கழிப் பின்பாதியும், தை, மாசி, பங்குனியும் 1877-இல் போக வேண்டியவை. என் சூத்திரம் தாது மாசியை 1876 பிப்ரவரி ஆக்கிவிட்டது. சரி செய்யாமல் வரைபடம் போட்டுப் பார்த்தேன். சத்திரத்தில் கூட்டம் 1876 தொடக்கத்திலேயே பொங்கி வழிந்தது. அந்த ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது அக்டோபருக்கு மேல். மழை பொய்ப்பதற்கு எட்டு மாதம் முன்னாலேயே பஞ்சத்துக்குச் சாப்பிட ஜனம் வந்து உட்கார்ந்திருக்கிறது! அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. இந்த மாதிரி தப்பு தனி வரியைப் பார்த்தால் தெரியாது. எல்லாவற்றையும் கோடாக இழுத்துப் பார்க்கும்போதுதான் முகம் காட்டும்.

எனவே மின்னஞ்சலில் தேதிக்கு மூன்று புலங்கள் கேட்டேன். ஒன்று, தாளில் இருப்பதை எழுத்து மாறாமல். இரண்டு, ஆங்கிலத் தேதியாக நாம் கணித்தது. மூன்று, அந்தக் கணிப்பு எவ்வளவு உறுதி. பெரியவர் இரண்டாவதற்கு முகம் சுளித்தார். "காப்பகம் ஏன் கணிக்கணும்? அது உங்க வேலை." ஒரு விதத்தில் நியாயம்தான். ஆனால் முதல் புலம் மட்டும் இருந்தால் தாதுவும் ஈஸ்வரவும் அகரவரிசையில்தான் அடுக்கப்படும். பஞ்சத்தின் இரண்டாம் வருஷமான ஈஸ்வர முதலில் வந்து நிற்கும். கடைசியில் கணிப்புப் புலம் இருக்கட்டும், ஆனால் அதன் பெயரிலேயே "கணிப்பு" என்று இருக்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டார். இது அவர் செய்த நல்ல காரியம். வெறும் "தேதி" என்று பேர் வைத்திருந்தால் பத்து வருஷம் கழித்து அதுவே தாளில் இருந்தது என்று எல்லாரும் நம்புவார்கள்.

இனி மேற்படி. தலைப்பில் இருப்பது இதுதான்.

௸ என்ற குறியைப் பார்த்திருப்பீர்கள். பழைய பத்திரங்களில் நிறைய வரும். 'மேற்படி' என்று வாசிக்க வேண்டும். நம் கணக்குப்பிள்ளை இதைக் கஞ்சத்தனமே இல்லாமல் வாரி இறைத்திருக்கிறார். தேதிக்குக் கீழே ௸, ஆள் பெயருக்குக் கீழே ௸, சில இடத்தில் "௸ ஊர்" என்று. தாளில் இது ஒரு தொந்தரவும் தராது. கண் தானாக மேலே போய் எதற்கு மேற்படி என்று கண்டுபிடித்துவிடும். கணினியில் ஒவ்வொரு வரியும் தனித்தனிப் பிள்ளை. அரிசி அதிகம் போன நாள் எது என்று ஒருமுறை அடுக்கிப் பார்த்தால் போதும், ௸ தன் அப்பாவை விட்டு ஓடிப்போய் வேறு யாருக்கோ கீழே நிற்கும். அப்போது மார்கழி மாசத்து வரி ஒன்று ஆடி மாசத்து வரிக்கு "மேற்படி" சொல்லிக்கொண்டிருக்கும். யாருக்கும் சந்தேகம்கூட வராது.

சரி, ௸ வரும் இடத்திலெல்லாம் மேலே இருப்பதையே நிரப்பிவிடலாம் என்று நினைத்தேன். பெரியவர் ஒரு பக்கத்தைப் புகைப்படம் எடுத்து அனுப்பினார். பக்கத்தின் முதல் வரியே ௸. முந்தைய பக்கத்தின் கடைசி வரிக்குப் போக வேண்டும். போனால், பைண்டிங் பண்ணியவர் இரண்டு தாளை இடம் மாற்றி வைத்துத் தைத்திருக்கிறார். பழைய தமிழ் எண்ணில் தாள் எண் ௪௰௬ முடிந்து அடுத்து ௪௰௮ வருகிறது. ௪௰௭ மூன்று தாள் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. மேற்படி எதற்கு மேற்படி? கண்ணை மூடிக்கொண்டு நிரப்பியிருந்தால் தப்பான பேர் ஒரு வாரத்துக்கு ஏறியிருக்கும்.

ஆகவே ஒப்பந்தம் இப்படி ஆனது. "உள்ளபடி" புலத்தில் ௸ அப்படியே நிற்கும். அதற்குப் பக்கத்தில் விரித்து எழுதும் புலம் ஒன்று. விரிக்கும்போது எந்தப் படத்தின் எந்த வரியிலிருந்து எடுத்தோம் என்பதையும் குறிக்க வேண்டும். பக்கத்தின் முதல் வரி ௸ என்றால் விரிக்கும் முன் தாள் எண்ணைச் சரிபார்க்க வேண்டும். இதனால் வேலை இழுக்கும் என்று தெரியும். ஆனால் சோதனையாக மூன்று பக்கத்தை நானும் இன்னொரு மாணவியும் ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்காமல் தனித்தனியாக ஏற்றினோம். ஒப்பிட்டபோது கையெழுத்து புரியாமல் மாறிய இடங்கள் கொஞ்சம்தான். பாதிக்கு மேல் தகராறு ௸-க்கு மேலே என்ன என்பதில்தான். அவள் பேரை மட்டும் விரித்தாள், நான் பேரையும் ஊரையும் விரித்தேன். விதி எழுதாமல் விட்டால் ஆளுக்கு ஒரு விதி.

அதே சோதனையில் ஒரு வேடிக்கை. அவள் ஏற்றியதில் ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரியில் 2 என்று ஓர் எண். எதற்கு 2 என்று கேட்டால், "மேல போட்டிருக்குல்ல" என்றாள். பிள்ளையார் சுழி! தமிழ் எண் இரண்டும் உகரமும் ஒரே உருவம். கணக்குப்பிள்ளை சுழி போட்டுவிட்டுத்தான் பக்கத்தை ஆரம்பிப்பார். மூன்று பக்கத்துக்கு ஆறு பேர் கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள், பிள்ளையார் புண்ணியத்தில். சிரித்து முடித்த பிறகு இன்னொன்று கண்ணில் பட்டது. நான் ஒன்றுக்கு ௧ என்ற எண்குறியைத் தட்டியிருக்கிறேன், அவள் க என்ற எழுத்தைத் தட்டியிருக்கிறாள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டும் வேறு. ஒன்றைத் தேடினால் மற்றது வராது. ௨ - உ, ௭ - எ, ௮ - அ, ௰ - ய எல்லாம் இதே கதை. எண்ணுக்கு எண்குறி மட்டும்தான் என்று விதியில் ஒரு வரி சேர்த்தோம்.

இப்போது மரக்கால். அந்த ஆவணி 15 வரியில் சாப்பிட்டவர் 32 பேர், அரிசி 2 குறுணி 3 படி. குறுணி என்றால் மரக்கால்தான். வாய்பாட்டில் குறுணிக்கு எட்டுப் படி, கலத்துக்குப் பன்னிரண்டு குறுணி. ஆனால் மரக்காலும் படியும் ஊருக்கு ஊர் மாறும். பெரிய படி, சின்னப் படி என்று வேறு. எட்டு என்று வைத்தால் அன்றைக்கு 19 படி. ஆளுக்கு அரைப்படிக்கு மேல். நாலு படி மரக்கால் என்று வைத்தால் 11 படி. ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. பஞ்சத்தில் எவ்வளவு போட்டார்கள் என்று எழுத வந்தவளுக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

பெரியவர் வழி காட்டினார். "கணக்கையே கேளுங்கம்மா, அது சொல்லும்." கூட்டுத்தொகை வரியைப் பார்க்கச் சொன்னார். அடுத்தடுத்து மூன்று நாள்: 2 குறுணி 3 படி, 2 குறுணி 6 படி, 1 குறுணி 7 படி. கீழே கணக்குப்பிள்ளை எழுதிய கூட்டுத்தொகை ௭ குறுணி, படி ஒன்றும் இல்லை. குறுணிகளைக் கூட்டினால் ஐந்து. படிகளைக் கூட்டினால் பதினாறு. பதினாறு படி இரண்டு குறுணியாக மேலே ஏறியிருக்கிறது. அப்படியென்றால் இந்தச் சத்திரத்தில் குறுணிக்கு எட்டுப் படிதான். தவிர, படி இலக்கத்தில் ஏழு வரும் இடம் நிறைய உண்டு, எட்டு ஓர் இடத்திலும் இல்லை. எட்டு வந்தவுடன் குறுணியாகிவிடுகிறது. ஆளுக்கு எத்தனை படி என்பது இப்போது உறுதி. அந்தப் படி எத்தனை லிட்டர் என்பது இன்னும் தெரியாது. அதனால் லிட்டர் புலத்தைத் தூக்கிவிட்டேன். ஒரு நாள் அந்த மரக்கால் ஏதாவது பரணிலிருந்து கிடைத்தால் பெருக்கிக்கொள்ளலாம்.

குறுணிக்கும் படிக்கும் ஒரே புலம் போதும், 2-3 என்று எழுதிவிடலாம் என்று மாணவி சொன்னாள். எக்செலில் தட்டிக் காட்டச் சொன்னேன். தட்டினாள். அது மார்ச் மாதமோ பிப்ரவரி மாதமோ ஒரு தேதியாகி நின்றது. இதே எக்செலுக்கு 1900-க்கு முந்தைய தேதி மட்டும் தேதியாகவே தெரியாது. 29-8-1876 என்று எழுதினால் அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். அரிசியைத் தேதியாக்கும், தேதியை எழுத்தாக்கும். குறுணி தனி, படி தனி, தேதி எப்போதும் ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் எழுத்தாகவே இருக்கட்டும் என்று முடிவானது.

கடைசியில் அனுப்பிய மின்னஞ்சலில், விளக்கத்துக்கு அந்த ஒரே வரியை இப்படிப் போட்டுக் காட்டினேன்:

```
படம்: 3_047_முன்
வரி: 6
தேதி_உள்ளபடி: தாது௵ ஆவணி௴ ௰௫௳
கிழமை_உள்ளபடி: மங்களவாரம்
தேதி_கணிப்பு: 1876-08-29
தேதி_உறுதி: ±1 நாள்
பேர்_உள்ளபடி: ௩௰௨
பேர்_எண்: 32
குறுணி: 2
படி: 3
நிலை: தெளிவு
```

"நிலை" என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. காலியாக இருக்கும் கட்டத்துக்குப் பல அர்த்தம் உண்டு. கணக்குப்பிள்ளை எழுதவில்லை, எழுதினார் ஆனால் பூச்சி தின்றுவிட்டது, இருக்கிறது ஆனால் எனக்குப் படிக்கத் தெரியவில்லை, அன்றைக்குச் சத்திரத்தில் யாருமே வரவில்லை. நாலையும் காலியாக விட்டால் நாலும் சுழியம் ஆகிவிடும். பஞ்சக் கணக்கில் "யாரும் வரவில்லை" என்பதும் "பூச்சி தின்றது" என்பதும் ஒன்றா?

சாதிக் குறிப்பு பற்றியும் பேசினோம். பந்தி யார் யாருக்குத் தனி என்று கணக்கில் வெளிப்படையாகவே இருக்கிறது. சில சொற்கள் இன்றைக்கு அச்சில் போடக் கூசும். தாளில் உள்ளதை உள்ளபடி புலத்தில் வைப்போம், ஆனால் அதைத் தேடுபொறியில் ஒரு பிரிவாகக் காட்ட வேண்டாம் என்று பெரியவர் சொன்னார். எனக்கு முழுச் சம்மதம் இல்லை. பந்திப் பிரிவு பஞ்சத்தில் எப்படி மாறியது என்பது என் ஆராய்ச்சியில் ஒரு பெரிய கேள்வி. ஆனால் காப்பகம் அவர்களுடையது, அக்கம்பக்கத்தில் வாழ்வதும் அவர்கள்தான். நேரில் போய் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பதில் நேற்று வந்தது. எல்லாப் புலத்துக்கும் சம்மதம். கூடவே இரண்டு விஷயம். ஒவ்வொரு வரியையும் யார் ஏற்றினார்கள், யார் சரிபார்த்தார்கள் என்று இரண்டு புலம் சேர்க்க வேண்டுமாம். அதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. இரண்டாவது ஒரு கேள்வி: "நாலாம் கட்டில் முதல் தாள் இல்லை. வருஷப் பேர் எங்கேயும் வரவில்லை, மாதமும் நாளும் கிழமையும்தான் இருக்கின்றன. என்ன போடுவீர்கள்?"

ஒரு வருஷம் தாண்டினால் கிழமை ஒன்றேகால் நாள் நகரும். அதனால் ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை அதே கிழமை திரும்பி வந்துவிடும். கிழமையை மட்டும் வைத்துக்கொண்டு வருஷத்தைப் பிடிக்க முடியாது, சில வருஷங்களைத் தள்ளலாம், அவ்வளவுதான். கையெழுத்து மூன்றாம் கட்டுக்காரருடையது மாதிரிதான் இருக்கிறது. அதனால் ஈஸ்வரவாக இருக்கலாம் என்று கை துறுதுறுக்கிறது. தேதி_கணிப்பு காலி, தேதி_உறுதியில் "வருஷம் தெரியவில்லை" என்று போடுவேன் என்று பதில் எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை மூன்றாம் கட்டிலிருந்து ஆரம்பிக்கிறோம்.